ஒருவர் பெயரில் நடந்த தொழில் நொடித்தால்: வேலூர்ப் பக்கத்தில் ஐ.பி. போடுவது எப்படி, கடன் எப்போது கழியும்

ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட், ஹார்டுவேர் கடை, தறிப் பட்டறை என்று எதுவாக இருந்தாலும், பதிவு உங்கள் ஒருவர் பெயரில் இருந்து கடன் கைமீறிப் போயிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவும். கம்பெனி வைத்திருப்பவர்களுக்கும் பார்ட்னர்ஷிப்காரர்களுக்கும் வழி வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடன் நெருக்கடி என்றதும், "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு, அதோடு தீர்ந்தது" என்று சொல்ல நம் பக்கத்தில் ஒருவர் இருப்பார். வக்கீல் மூலம் கடன்காரர்களுக்கு அனுப்பும் அந்த நோட்டீஸால் ஒரு பைசா கடன்கூடக் கழியாது. மாறாக, "இனி என்னால் கொடுக்க முடியாது" என்று நீங்களே எழுதிக் கொடுத்தது சட்டப்படி ஒரு நொடிப்புச் செயல். அதை வைத்து 3 மாதத்துக்குள் கடன்காரரே உங்கள்மேல் ஐ.பி., அதாவது உங்களை நொடித்தவர் என்று அறிவிக்கக் கேட்கும் மனு, போடலாம். கடனைக் கழிப்பது கோர்ட் கடைசியில் தரும் டிஸ்சார்ஜ் உத்தரவு மட்டும்தான். மற்ற எல்லாப் படியும் அதை நோக்கிப் போகிற வழி.

1. கடன் யாருடையது என்று தெளிவாகுங்கள்

போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், தனி உரிமையாளர் தொழிலுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் என்ற தகுதி இல்லை. ஜி.எஸ்.டி. எண் உங்கள் பான் எண்ணின்மேல் எடுத்தது. கரண்ட் அக்கவுண்ட் கடைப் பெயரில் இருந்தாலும் அதன் சொந்தக்காரர் நீங்கள். சரக்கு கொடுத்தவர் கடைப் பெயரைப் போட்டே வழக்குப் போடலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது; டிகிரி வந்தால் அது உங்கள்மேல் வந்த டிகிரி. அதனால்தான் கடையில் விட்ட பாக்கிக்கு வீட்டை ஜப்தி செய்ய முடிகிறது. "கடையை மூடிவிட்டேன், ஜி.எஸ்.டி.யை ரத்து செய்துவிட்டேன்" என்று சொல்வதால் எந்தக் கடனும் உங்களைவிட்டுப் போகாது.

மனைவியின் சொந்தச் சொத்தும் அவருடைய சீதனமும் உங்கள் கடனுக்குப் போகாது, அவர் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை. வங்கிப் பத்திரத்திலோ பைனான்ஸ் கம்பெனிப் பத்திரத்திலோ அவரோ மச்சானோ அண்ணனோ கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடன் தனியாக அவர்களுடையதும்தான். ஒவ்வொரு கடன் பத்திரத்தையும் எடுத்து, யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 9ஆம் படியில் அந்தப் பட்டியல் தேவைப்படும்.

2. எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்

பலரும் தடம் மாறுவது இங்கேதான். இணையத்தில் தேடினால் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டம் வரும். கடன் மீட்புத் தீர்ப்பாயம், 180 நாள் நிறுத்தம், சிறு கடனாளிக்குப் புதுத் தொடக்கம் என்று விளக்கமும் வரும். அந்தச் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கு மட்டும் 1.12.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. சொந்தத் தொழில் செய்து நொடித்தவருக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். உங்கள் மனு அதன்கீழ்தான் போக வேண்டும்.

நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடமோ தொழில் செய்யும் இடமோ எந்தக் கோர்ட்டின் எல்லையில் வருகிறதோ அங்கே தாக்கல் செய்ய வேண்டும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் பழைய நினைவில் வேலூருக்கு வந்து மனு கொடுத்து, எல்லை சரியில்லை என்று திரும்ப வாங்கிப் போகிறவர்கள் உண்டு. சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்பதைச் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலோ உங்கள் ஊர்க் கோர்ட் அலுவலகத்திலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும்.

3. ஐ.பி. உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள்

கடன்காரர்கள் இரண்டு மூன்று பேர்தான், அதில் பெரியது வங்கி என்றால், லோக் அதாலத்தில் ஒரே தவணைத் தீர்வு பேசுவது பெரும்பாலும் நல்லது. கடன்காரர்கள் நிறையப் பேர், ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை என்ற நிலையில்தான் ஐ.பி. பயன்படும். கடனில் பெரும்பங்கு அரசுக்குக் கட்ட வேண்டிய வரி என்றால் ஐ.பி. போட்டுப் பலன் குறைவு. காரணம் 9ஆம் படியில்.

நீங்களாகவே மனு போட, கடன் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும். அல்லது பண டிகிரியில் நீங்கள் கைதாகியிருக்க வேண்டும். அல்லது அப்படிப்பட்ட டிகிரியில் உங்கள் சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். 500 ரூபாய் என்பது 1920இல் வைத்த தொகை, அதனால் இந்தத் தகுதி எல்லோருக்கும் இருக்கும். ஆனால் ஒருமுறை போட்ட மனுவைக் கோர்ட் அனுமதி இல்லாமல் திரும்பப் பெற முடியாது.

4. மனுவுக்கு முன் சொத்தில் கை வைக்காதீர்கள்

நல்ல மனுவைக் கெடுப்பவை பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மாதங்களில் செய்தவைதான்.

வீட்டையோ மனையையோ மனைவி, பிள்ளை பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி, அன்றிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தாக்கலாகி நீங்கள் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். நியாயமான விலைக்கு, நல்லெண்ணத்தில், வெளியாளுக்கு விற்றது நிற்கும். அப்படி விற்ற பணம் எங்கே போனது என்று காட்ட வேண்டியது நீங்கள்.

இன்னொன்று, வேண்டியவருக்கு மட்டும் கொடுப்பது. கையில் இருந்த 1 லட்சத்தை மாமனார் கடனுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று மனு போட்டால், அது கடைசி 3 மாதத்துக்குள் நடந்திருக்கும்போது, உங்கள் சொத்தைக் கையாளக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் அந்தப் பணத்தை மாமனாரிடமிருந்தே திரும்பக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் கேட்கும்போதும் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

சொத்தை மறைப்பதும் கணக்குப் புத்தகத்தை அழிப்பதும் குற்றம். ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு.

5. காகிதங்கள்

மனுவில் எழுத வேண்டியது என்ன என்று சட்டமே வரிசையாகச் சொல்கிறது: கடனைக் கட்ட முடியவில்லை என்ற கூற்று, குடியிருப்பு, ஒவ்வொரு கடன்காரரின் பெயர், முகவரி, தொகை, உங்கள் எல்லாச் சொத்தும் அதன் மதிப்பும் இருக்கும் இடமும், அவற்றைக் கோர்ட்டிடம் ஒப்படைக்கச் சம்மதம், முன்பு ஐ.பி. போட்டதுண்டா என்பது. வராத பாக்கியும் சொத்துதான். உங்களுக்குப் பணம் தர வேண்டியவர்களையும் எழுதுங்கள்.

கடன்காரர் பட்டியலில் யாரையும் விடாதீர்கள். "அவர் நம் ஆள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கைமாற்றுக் கடனை விடுவதுதான் வழக்கம். பட்டியலில் இல்லாதவருக்கு நோட்டீஸ் போகாது. பின்னால் அவர் வந்து நீங்கள் மறைத்ததாகச் சொன்னால் பதில் இருக்காது. கந்துவட்டிக்கு வாங்கியதையும் எழுதுங்கள். வாங்கிய அசல், கொடுத்த வட்டி, கொடுத்த தேதி மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியம் கடைசி 3 ஆண்டுக் கணக்கு. தொழிலுக்கு வழக்கமான கணக்குப் புத்தகம் வைக்கவில்லை என்றால் முழு டிஸ்சார்ஜ் கிடைக்காது. பில் புத்தகம், வங்கி ஸ்டேட்மெண்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், வருமான வரி ரிட்டர்ன், கூலிப் பதிவு, சரக்கு வந்த ரசீது எல்லாவற்றையும் சேருங்கள். கணக்கர் சம்பள பாக்கிக்காகக் கணக்குப் புத்தகத்தைப் பிடித்து வைத்திருந்தால் முதலில் அதைத் தீர்த்து வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்யப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ரிட்டர்ன்களை இறக்கிப் பிரிண்ட் எடுங்கள். ரத்தானபின் 3 மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும்.

6. தாக்கல், நோட்டீஸ், செலவு

மனுவில் குறை இருந்தால் ரிட்டர்ன் ஆகும். திருத்திக் கொடுத்தபின்தான் ஐ.பி. நம்பர் ஆகும். பெரும்பாலான ரிட்டர்ன் கடன்காரர் முகவரி முழுதாக இல்லாததால்தான் வருகிறது. நம்பர் ஆனபின் ஒவ்வொரு கடன்காரருக்கும் கோர்ட் நோட்டீஸ் போகும். தலைக்கு ஒரு பேட்டா, அதாவது நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், கட்ட வேண்டும். 25 கடன்காரர் என்றால் 25 பேட்டா. நோட்டீஸ் வாங்காமல் ஒளிபவர்களுக்காகப் பத்திரிகை விளம்பரம் போடச் சொன்னால் அதுவும் உங்கள் செலவு. கோர்ட் கட்டணத்தைவிட இவையும் வக்கீல் கட்டணமும்தான் பெரியவை. வக்கீலிடம் பேசும்போது மனுவுக்கு மட்டுமா, டிஸ்சார்ஜ் வரைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அறிவிப்பு உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் பல வழக்குகள் பாழாகும் இடம்.

விசாரணையில், கடனைக் கட்ட முடியவில்லை என்பதை மேலோட்டமாக நிரூபித்தாலே கடனாளி மனுவுக்குப் போதும். ஆனால் குறுக்கு விசாரணையில் கடன்காரரின் வக்கீல் "பணம் எங்கே போனது" என்று கேட்பார். 5ஆம் படிக் காகிதம் அங்கேதான் கைகொடுக்கும். இந்தக் கட்டத்துக்குச் சட்டத்தில் கால வரம்பு எதுவும் இல்லை. ஓரிரு மாதத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பி வேறு திட்டம் போடாதீர்கள்.

7. அறிவிப்பு உத்தரவு வந்தபின் எது நிற்கும், எது நிற்காது

நீங்கள் நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்ததும் உங்கள் சொத்து முழுதும் கோர்ட்டுக்கோ ரிசீவருக்கோ போய்விடும். மனு போட்ட தேதியிலிருந்தே அது நடந்ததாகக் கருதப்படும். உடுதுணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி போன்று ஜப்தி செய்யக்கூடாதவை மட்டும் உங்களிடம் நிற்கும். விவசாயியின் வீட்டுக்கு உள்ள பாதுகாப்பு வியாபாரியின் வீட்டுக்குக் கிடையாது. டிஸ்சார்ஜுக்கு முன் புதிதாக வந்து சேரும் சொத்தும் ரிசீவருக்கே.

அன்றிலிருந்து ஜாமீன் சொத்து இல்லாத கடன்காரர், கோர்ட் அனுமதி இல்லாமல் உங்கள்மேல் புதிதாக வழக்குப் போட முடியாது. நிலுவையில் உள்ள வழக்குகளில் உத்தரவு நகலைக் கொடுத்தால், அந்தக் கோர்ட் வழக்கை நிறுத்தும் அல்லது நிபந்தனையோடு தொடர விடும். இந்தப் பாதுகாப்பு மனு போட்ட அன்றே கிடைப்பதில்லை, அறிவிப்புக்குப் பின்தான். கைதுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவையும் தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும்.

இரண்டு விஷயங்கள் நிற்கவே நிற்காது. ஒன்று, வீட்டை அடமானம் பிடித்த வங்கி. சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து அது வீட்டை ஏலம் விடும் வழியில் போகலாம். மற்றொன்று செக் பவுன்ஸ் வழக்கு. அது குற்ற வழக்கு, ஐ.பி. அதைத் தடுக்காது. செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் வரும், பணம் கட்ட உங்களுக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஐ.பி.யை நம்பி அந்த வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் வாரண்ட் வரும்.

8. ஒரு கணக்கு

பேரணாம்பட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வீட்டு அடமானத்தில் 18 லட்சம் கடன். நூல், லைனிங் கொடுத்தவர்களுக்கு 6 லட்சம், பைனான்ஸ் கம்பெனிக்கு 7 லட்சம், புரோநோட்டில் 5 லட்சம், ஜி.எஸ்.டி. 1.5 லட்சம், கூலி பாக்கி 50 ஆயிரம். அடமானம் இல்லாத கடன் மொத்தம் 20 லட்சம்.

வீடு 22 லட்சத்துக்கு விற்று வங்கி 18 லட்சம் எடுத்தால் மீதி 4 லட்சம் ரிசீவருக்கு வரும். மெஷின்கள் 3 லட்சம், வராத பாக்கியில் வசூலானது 2 லட்சம், வண்டி 50 ஆயிரம். ஆக 9.5 லட்சம். ரிசீவர் செலவு 50 ஆயிரம் என்றும், அரசுக்குரிய 1.5 லட்சம் முன்னுரிமையில் போகும் என்றும் கழித்தால் 7.5 லட்சம். மிச்சக் கடன் 18.5 லட்சத்துக்கு அதைப் பிரித்தால் ரூபாய்க்கு ஏறக்குறைய 40 பைசா. கூலிக்கும் சட்டத்தில் முன்னுரிமை உண்டு, ஆனால் அதன் உச்சவரம்பு அந்தக் காலத்துத் தொகை, பெயரளவில்தான். டிஸ்சார்ஜ் கிடைத்தால் மீதியுள்ள சுமார் 11 லட்சம் கழியும்.

இப்போது வீட்டை வங்கி 16 லட்சத்துக்கு ஏலம் விட்டது என்று பாருங்கள். ரிசீவருக்கு வீட்டிலிருந்து ஒன்றும் வராது. வங்கிக்கு மீதி 2 லட்சம் அடமானம் இல்லாத கடனாகச் சேரும். சொத்து 5.5 லட்சம், கடன் 22 லட்சம்: செலவும் அரசுப் பாக்கியும் கழிக்கும் முன்பே ரூபாய்க்கு 25 பைசாதான். இந்த வேறுபாடு அடுத்த படியில் உங்களை நேராகத் தாக்கும். ஏல அறிவிப்பு வந்தால் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மனுவுக்கு முன்பே வங்கிச் சம்மதத்தோடு சந்தை விலைக்கு நீங்களே விற்று, மீதிப் பணத்தை வங்கிக் கணக்கிலேயே வைத்து, மனுவில் காட்டுங்கள்.

9. டிஸ்சார்ஜ்

அறிவிப்பு உத்தரவிலேயே, எவ்வளவு காலத்துக்குள் டிஸ்சார்ஜ் மனுப் போட வேண்டும் என்று கோர்ட் எழுதியிருக்கும். நகல் வாங்கிய அன்றே அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். தேவைப்பட்டால் காலம் முடியும் முன் நீட்டிப்புக் கேளுங்கள். தேதி தவறினால் அறிவிப்பே ரத்தாகலாம்; அப்படி ரத்தானால் கோர்ட் அனுமதி இல்லாமல் மறுபடி ஐ.பி. போட முடியாது. இடைப்பட்ட காலம் கடன்காரரின் காலவரம்பில் கழிக்கப்படும் என்பதால், பழைய கடன்கள் காலாவதி ஆகாமல் அப்படியே எழுந்து வரும்.

முழு டிஸ்சார்ஜ் எப்போது மறுக்கப்படும்? முதலில் எட்டணாக் கணக்கு. சொத்தின் மதிப்பு அடமானம் இல்லாத கடனில் பாதியை, அதாவது ரூபாய்க்கு 50 பைசாவைத் தொடவில்லை என்றால், அது உங்கள் பொறுப்பில்லாத காரணத்தால் நடந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். மேலே சொன்ன யூனிட்டில் 20 லட்சத்துக்கு 9.5 லட்சம், 50 ஆயிரம் குறைகிறது. ஏற்றுமதிக் கம்பெனி ஆர்டரை நிறுத்தியது, கொடுத்த வேலைக்குப் பணம் தராதது போன்றவற்றுக்குக் கடிதமும் பில்லும் இருந்தால் கோர்ட் ஏற்கக்கூடும். 25 பைசா நிலையில் அதே விளக்கம் இன்னும் கடினமாகச் சோதிக்கப்படும்.

அடுத்து நடத்தை. 3 ஆண்டுக் கணக்கு இல்லாதது, நொடித்தது தெரிந்தும் தொழிலைத் தொடர்ந்தது, திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கியது, சூதாட்டமோ ஊதாரிச் செலவோ, சொத்து போன வழியைச் சொல்ல முடியாதது, வேண்டியவருக்கு மட்டும் கொடுத்தது, முன்பே ஒருமுறை நொடித்தது, மோசடி ஆகியவற்றில் ஒன்று நிரூபணமானாலும் முழு டிஸ்சார்ஜ் கிடையாது. அப்போதும் கதவு முழுதாக மூடுவதில்லை. கோர்ட் சில காலம் தள்ளிவைத்தோ, இனி வரும் வருமானத்தில் ஒரு பகுதி கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடோ தரலாம். இதில் ரிசீவரின் அறிக்கை சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவர் கூப்பிட்ட நாளில் போங்கள், கேட்ட புத்தகத்தைக் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

இன்னொரு வழி சமரசத் திட்டம். கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும் தொகையில் முக்கால் பங்குக்காரர்களும் ஒப்புக்கொண்டு கோர்ட்டும் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். மேலே உள்ள கணக்கில் பைனான்ஸ் கம்பெனி ஒன்றின் கையில் மட்டும் கால் பங்குக்கு மேல் இருக்கிறது. அது மறுத்தால் திட்டம் நிற்காது; முதலில் பேச வேண்டியது அங்கேதான்.

டிஸ்சார்ஜ் வந்தாலும் கழியாதவை உண்டு: அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்ச உத்தரவு. ஜாமீன்தாரர் கடனும் கழியாது. பைனான்ஸ் கம்பெனிக் கடனுக்கு மச்சான் கையெழுத்துப் போட்டிருந்தால், உங்களுக்குக் கழிந்த மீதியை அவரிடம் கேட்பார்கள். மனு போடும் முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கோர்ட் நோட்டீஸிலிருந்து அவர் இதைத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் வரும்வரை, நிலையைச் சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலும் குற்றம். 6 மாதம் வரை சிறை. சரக்கைக் கடனில் எடுப்பதும் கடன்தான். உள்ளாட்சித் தேர்தலில் பதவிக்கு வரவும் தடை இருக்கும்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்குங்கள். நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கிலும், டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் இ.பி.யிலும் ஒரு மெமோவோடு ஒன்று தாக்கல் செய்யுங்கள். வங்கிக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் ஒவ்வொன்று அனுப்பி, ஒப்புகையை மூல உத்தரவோடு சேர்த்து வையுங்கள்.